கரண்ட் இல்லை என்று உறுதி செய்யக் கற்பிக்கும் முதல் பாடம்: பாடத்திட்டத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள்

மாலைவகுப்பு_பயிற்றுநர்:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில், ஒரு வாசகசாலையின் பின்கட்டில், பெரியவர்களுக்கு வீட்டு வயரிங் பாதுகாப்பு பற்றி மாலை வகுப்பு நடத்தி வருகிறேன். தென்னந்தோப்பில் வேலை செய்பவர்கள், பம்பு செட் பார்த்துக்கொள்பவர்கள், வீட்டில் தையல் இயந்திரம் வைத்திருக்கும் பெண்கள் என்று பலரும் வருகிறார்கள். இது வயர்மேன் பெர்மிட்டுக்கான வகுப்பு அல்ல என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். பிளக் மாற்றுவது, ஹோல்டர் மாற்றுவது போன்ற சிறு வேலைகளை ஆபத்தில்லாமல் செய்யவும், எந்த வேலையில் தாங்கள் கை வைக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளவும் இவர்களுக்குக் கற்பிக்கிறேன்.

பொதுவாக இத்தகைய வகுப்புகளில் வயரின் தோலைச் சீவுவது, முறுக்குவது, திருகாணி முடுக்குவது ஆகியவற்றில் தொடங்குவார்கள். அடுத்த அணிக்கு நான் அந்த வரிசையை மாற்ற எண்ணியிருக்கிறேன். முதல் மூன்று மணி நேரம் முழுவதும் ஒரே ஒரு திறனுக்குத்தான்: கை வைக்கப்போகும் இடத்தில் கரண்ட் இல்லை என்று உறுதி செய்வது. வருபவர்கள் எல்லோரிடமும் டெஸ்டர் இருக்கிறது. அது எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்று அனைவருமே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை வாயால் சொல்லி அகற்ற முடியவில்லை. ஆகவே கண்ணெதிரே டெஸ்டரைப் பொய் சொல்ல வைத்துக் காட்டலாம் என்று திட்டமிட்டுள்ளேன்.

ஒரு பிளைவுட் பலகையில் மீட்டருக்கு அடுத்து வரும் மெயின் சுவிட்சு, எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் தானே விழும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, கரண்ட் அளவு மீறினால் தானே விழும் 6 ஆம்பியர் எம்சிபி, ஒரு சுவிட்சு, ஒரு ஹோல்டர், ஒரு பிளக் பாயின்ட் ஆகியவற்றைப் பொருத்தியிருக்கிறேன். பலகையின் பின்புறத்தில் மூன்று குறைகளை மறைத்து வைத்து, வெளியே தெரியாதபடி மாற்றிக்கொள்ளலாம். முதலாவது, சுவிட்சு பேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருக்கும். இரண்டாவது, நியூட்ரல் வழியில் அறுந்திருக்கும். மூன்றாவது, மெயினை அணைத்த பிறகும் இன்வெர்ட்டரிலிருந்து ஒரு பாயின்ட்டுக்குக் கரண்ட் வந்துகொண்டிருக்கும். இன்வெர்ட்டருக்குப் பதிலாக அதே மின் இணைப்பிலிருந்து இன்னொரு வயரை இழுத்து வைத்திருக்கிறேன்.

முதலில் நான் செய்து காட்டுவேன். பிறகு இருவர் இருவராக வந்து, என் பார்வையில் டெஸ்டரையும், இரண்டு வயர் முனைகள் உள்ள சோதனை பல்பான டெஸ்ட் லேம்ப்பையும் வைத்துச் சோதித்து, "இங்கே கை வைக்கலாம்" அல்லது "வைக்கக் கூடாது" என்று சொல்ல வேண்டும். முனைகள் எல்லாம் மூடியிருக்கும். சோதனை முனை நுழையும் அளவுக்குத் துளை மட்டும் உண்டு. இதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

மின்னியல்_டிப்ளமோ:

நல்ல முயற்சி, சார். ஆனால் பழகாதவர்களை நேராக 230 வோல்ட்டில் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்றுக்கு ஒன்று ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கிப் பலகைக்கு முன்னால் போட்டுவிடுங்கள். அதன் பிறகு யாராவது ஒரு முனையைத் தவறித் தொட்டாலும் ஷாக் அடிக்காது. டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வசதியில்லை என்றால், ஆர்சிசிபி இருப்பதால் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. 30 மில்லி ஆம்பியரில் விழுந்துவிடும் என்பதால் உயிருக்கு ஆபத்து வராது.

---

வாளையாறு_வயர்மேன்:

தம்பி சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதியை வகுப்பில் சொல்லிக்கொடுத்தால் ஆபத்து.

ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் ஒரு முனையைத் தொடுபவருக்குப் பாதுகாப்பு கூடும் என்பது உண்மைதான். ஆனால் அதன் வெளிப்பக்கத்தில் எந்த முனைக்கும் எர்த்தோடு தொடர்பில்லை. நியூட்ரல் என்று சொல்லத்தக்க முனையே அங்கே இருக்காது. டெஸ்டர் எரிய வேண்டுமானால் கரண்ட் நம் உடம்பு வழியாக எர்த்துக்குப் போக வேண்டும். அந்த வழி இல்லாததால் டெஸ்டர் இரண்டு பக்கமும் சரியாக எரியாது. ஆர்சிசிபியும் விழாது. அதாவது பயிற்றுநர் எதைக் காட்ட நினைக்கிறாரோ அது பலகையில் நடக்கவே நடக்காது. வீட்டுக்குப் போய் மெய்யான வயரிங்கைப் பார்க்கும்போது அவர்களுக்குப் பலகையில் கண்டது எதுவும் பொருந்தாது.

இரண்டாவது, ஆர்சிசிபி பற்றியது. எர்த்துக்குக் கசியும் கரண்டை மட்டுமே அது கவனிக்கிறது. ஒருவர் பிளாஸ்டிக் ஸ்டூலில் நின்றுகொண்டு ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்துவிட்டால், போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இருக்கும். அந்த மனிதரை ஆர்சிசிபி ஒரு பல்பாகத்தான் பார்க்கும், விழாது. இதை வகுப்பில் தனியாக ஒரு முறை சொல்லியே ஆக வேண்டும். இங்கே வீடுகளில் ஈஎல்சிபி என்று சொல்வதும் இதைத்தான்; அது இருக்கிறதே என்ற துணிச்சலில் கை வைப்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

பயிற்றுநர் ஐயாவின் திட்டத்திற்கு வருகிறேன். மூன்று குறைகளும் சரியான தேர்வு. ஆனால் டெஸ்ட் லேம்ப்பை எந்த இரு முனைகளுக்கு நடுவில் வைக்க வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை. இந்தப் பாடத்தின் உயிர்நிலை அதில்தான் இருக்கிறது. உங்கள் இரண்டாவது குறையையே எடுத்துக்கொள்வோம். ஹோல்டரில் 40 வாட் குண்டு பல்பு இருக்கிறது, சுவிட்சு போட்டிருக்கிறது, நியூட்ரல் பின்னால் அறுந்திருக்கிறது. பல்பு எரியவில்லை. மாணவர் வந்து ஹோல்டரின் இரு முனைகளிலும் டெஸ்ட் லேம்ப்பை வைக்கிறார். அதுவும் எரியாது. ஏனென்றால் பேஸ் பல்பு வழியாகவே நியூட்ரல் முனைக்கும் வந்து நிற்கிறது. இரு பக்கமும் ஒரே அளவு வோல்ட், நடுவில் வித்தியாசம் ஏதும் இல்லை. டெஸ்ட் லேம்ப் "இல்லை" என்கிறது, ஆனால் இரண்டு முனையுமே ஆளைக் கொல்லும். இந்த இடத்தில் டெஸ்டர் உண்மையைச் சொல்லும், இரண்டு பக்கமும் எரியும். டெஸ்டரைக் கேவலப்படுத்திவிட்டு டெஸ்ட் லேம்ப்பை உயர்த்திப் பிடித்தால், பொய் சொல்லும் கருவியை மாற்றிக் கொடுத்தது போல் ஆகிவிடும்.

---

மாலைவகுப்பு_பயிற்றுநர்:

மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் ஒவ்வொரு முனையையும் எர்த்தோடும் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும் அல்லவா? பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் ஒரு முறை, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு முறை, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு முறை. பிளக் பாயின்ட்டில் எர்த் முனை இருப்பதால் இது எளிது. ஹோல்டரில் எர்த் இல்லாததால் பக்கத்துப் பாயின்ட்டிலிருந்து நீள வயர் கொண்டு வந்து கொடுக்கலாம் என்று தோன்றுகிறது.

---

வேலந்தாவளம்_தோப்பு:

நல்ல நேரத்தில் இந்த இழை கண்ணில் பட்டது. என் தோப்பில் 5 எச்பி மூன்று பேஸ் மோட்டார் இருக்கிறது. இரண்டு நாளாக ஸ்டார்ட் செய்தால் உறுமுகிறதே தவிர சுற்றவில்லை. டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், மோட்டாருக்குப் போகும் மூன்று வயரிலும் எரிகிறது. ஆகவே லைனில் குறையில்லை, மோட்டார்தான் போய்விட்டது என்று பொள்ளாச்சிக்கு ஏற்றி அனுப்பலாமா?

---

வாளையாறு_வயர்மேன்:

தோப்புக்காரரே, இந்த இழை வீட்டு வயரிங் வகுப்பு பற்றியது. இருந்தாலும் உங்கள் கதை இங்கே பேசுகிற விஷயத்தோடு ஒட்டித்தான் இருக்கிறது. ஒரு பேஸ் வராமல் போயிருந்தால், மற்ற இரு பேஸிலிருந்து மோட்டார் சுருள் வழியாகக் கரண்ட் சுற்றி வந்து மூன்றாவது வயரிலும் நிற்கும். டெஸ்டருக்கு அது நேராக வந்ததா, சுற்றி வந்ததா என்று தெரியாது. மூன்றிலும் எரியும். மோட்டாரை இறக்குவதற்கு முன், ஸ்டார்ட்டர் ஆஃப் நிலையில் இருக்கும்போது அதன் உள்வரும் பக்கத்தில் பேஸுக்குப் பேஸ் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மூன்று இணையிலும் 400 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். பெர்மிட் உள்ளவரை வைத்து அளக்கவும். அதுவரை ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்க்காதீர்கள், சுருள் புகைந்துவிடும்.

பயிற்றுநர் ஐயா, மூன்று இணையும் பார்க்க வேண்டும் என்று நீங்கள் பிடித்தது சரி. ஆனால் எர்த்தோடு பார்க்கும்போது டெஸ்ட் லேம்ப்பை வைக்க முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 வாட்டை 230-ஆல் வகுத்தால் 174 மில்லி ஆம்பியர். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் அந்த பல்பை வைத்த கணமே அவ்வளவும் எர்த்துக்குப் போகிறது. ஆர்சிசிபி 30-க்குள் விழுந்துவிடும். பல்பு மின்னல் போல ஒரு சிமிட்டுச் சிமிட்டும், அல்லது கண்ணுக்கே படாது. மாணவர் என்ன முடிவுக்கு வருவார்? "எரியவில்லை, கரண்ட் இல்லை" என்பார். அந்த நேரத்தில் உண்மையிலேயே கரண்ட் இல்லைதான், ஆர்சிசிபி விழுந்துவிட்டதே! அடுத்த நிமிடம் வீட்டில் யாராவது, ஈஎல்சிபி விழுந்துவிட்டதே என்று போய்த் தூக்கி விடுவார்கள். ஹோல்டரைக் கழற்றுகிறவர் கையில் பேஸ் வந்து நிற்கும். நியூட்ரல் அறுந்த உங்கள் பலகையிலும் இதே கதைதான். நியூட்ரல் முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் டெஸ்ட் லேம்ப் வைத்தால், ஹோல்டர் பல்பும் அதுவும் சீரிஸில் சேர்ந்து 80 மில்லி ஆம்பியருக்கும் மேல் போகும். அதற்கும் ஆர்சிசிபி விழும்.

ஆகவே எர்த்தோடு பார்ப்பதை மல்டிமீட்டரிலோ இரண்டு முனை வோல்டேஜ் டெஸ்டரிலோ பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் இரண்டாவது குறையில் மீட்டர் என்ன காட்டும் தெரியுமா? பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் பூஜ்யம். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 230. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் அதே 230. இந்த மூன்று எண்ணையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, நாள் முழுக்க அழிக்காமல் வைத்திருக்கலாம்.

---

ஐடிஐ_ஆசிரியர்:

வயர்மேன் ஐயா சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனால் மல்டிமீட்டரை முதல் நாளே கொடுப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. பல ஆண்டுகளாக இளைஞர்களுக்குக் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மாணவர்கள் மீட்டரின் திருகியைத் தவறான இடத்தில் வைப்பது வெகு சாதாரணம். டிசி வோல்ட்டில் வைத்து ஏசியைத் தொட்டால் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிய எண்ணைக் காட்டும். பார்ப்பவர் கரண்ட் இல்லை என்பார். சிவப்பு வயரை ஆம்பியர் துளையில் செருகிவிட்டுப் பேஸையும் நியூட்ரலையும் தொட்டால் உள்ளே ஃபியூஸ் போகும். மட்டமான மீட்டராக இருந்தால் கையிலேயே வெடிக்கவும் கூடும்.

இன்னொரு குறை, மீட்டர் மிகையாகவும் பேசும். ஒரே பைப்பில் பல வயர் நீளமாகப் போகும்போது, இரு முனையிலும் கழற்றி விடப்பட்ட வயரில்கூடப் பக்கத்து வயரிலிருந்து தாக்கி நாற்பது, அறுபது வோல்ட் காட்டும். மாடிப்படி விளக்கின் வயரில் இதை எளிதாகக் காட்டலாம். டெஸ்டரும் அங்கே மங்கலாக எரியும். டெஸ்ட் லேம்ப்பை வைத்தால் அந்த வோல்ட் உடனே காணாமல் போகும். ஏனென்றால் அதில் ஒரு பல்பை எரிக்கும் வலு கிடையாது. அந்தச் சோதனைக்குக் குண்டு பல்புதான் வேண்டும். எல்இடி பல்பு அந்தச் சிறு கசிவிலும் மினுக் மினுக்கென்று எரிந்து குழப்பும். ஆகவே எந்தக் கருவியையும் தள்ளிவிட முடியாது. ஒவ்வொன்றும் எதில் பொய் சொல்லும் என்று தெரிந்திருக்க வேண்டும். இதை மூன்று மணி நேரத்தில் பழகாதவர் தலையில் ஏற்ற முடியுமா என்பதுதான் என் கேள்வி. நான் என்றால் முதல் வாரம் 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் இணைப்புகளைப் பழக்கிவிட்டு, 230-ஐ ஆசிரியர் மட்டும் தொட்டுக் காட்டும்படி வைப்பேன்.

---

தையல்கடை_மாணவி:

மன்னிக்கவும், பெரியவர்கள் பேசுகிற இடத்தில் நுழைகிறேன். சென்ற அணியில் இந்த சாரிடம் படித்தவள் நான். 24 வோல்ட்டில் பழகுவது பற்றி ஒரு கருத்து. அந்த வோல்ட்டில் டெஸ்டர் எரியவே எரியாது. நாங்கள் இணைப்புப் பழகிய நாள் முழுவதும், எரியாத டெஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு துணிந்து வயரைத் தொட்டுக்கொண்டிருந்தோம். வீட்டுக்குப் போன பிறகும் கை அதே பழக்கத்தில்தான் நீள்கிறது. எங்கள் அணியில் ஒரு அக்கா தன் வீட்டில் எரியாத டெஸ்டரை நம்பி ஹோல்டரைக் கழற்றப் போனார். பிளாஸ்டிக் நாற்காலி மேல் நின்றிருந்தார், ஜன்னல் வழியாக வெயில் நேராக அடித்தது. டெஸ்டரின் மங்கல் வெளிச்சம் தெரியவில்லை. அவருடைய மகன் டெஸ்டரைக் கையால் மறைத்துப் பார்த்து, எரிகிறது என்று கத்தியதால் தப்பினார்.

இன்னொன்று. எங்கள் வீட்டில் எம்சிபிகள் இருக்கும் டிபி பெட்டியில் எல்லாம் மலையாளத்தில் எழுதியிருக்கிறது. என் மாமியார் தமிழ் மட்டும் படிப்பார். எந்த எம்சிபி எந்த அறைக்கு என்று அவருக்குத் தெரியாது. நாங்கள் அணைத்துவிட்டு வேலை செய்தால் அவர் போய்ப் போட்டுவிடுகிறார். அதற்கு வகுப்பில் ஏதாவது வழி சொல்லுங்கள்.

---

வாளையாறு_வயர்மேன்:

அம்மா சொன்னதைத்தான் பாடத்தில் எழுதி வைக்க வேண்டும். அந்த அக்கா நின்ற இடத்தை அப்படியே வகுப்பில் காட்டுங்கள். பலகையில் ஒரே பேஸ் முனையை ஒருவர் வெறுங்காலோடு தரையில் நின்று டெஸ்டரால் பார்க்கட்டும்; பிறகு பிளாஸ்டிக் நாற்காலி மேல் நின்று பார்க்கட்டும்; பிறகு ஜன்னலைத் திறந்து வெயிலில் பார்க்கட்டும். டெஸ்டருக்குள் இருக்கும் பெரிய ரெசிஸ்டர் கரண்டை மிகச் சிறியதாக்கிவிடுவதால் அது நமக்கு உறைப்பதில்லை. அந்தச் சிறு கரண்டும் நம் உடம்பு வழியாகத்தான் எர்த்துக்குப் போக வேண்டும். நாற்காலி அந்த வழியைக் குறைக்கிறது. இதற்கு ஐந்து நிமிடம் போதும், வேறு விளக்கமும் தேவைப்படாது. டெஸ்டர் உள்ளே உடைந்தோ நனைந்தோ இருந்தால் என்ன ஆகும் என்று யாராவது கேட்பார்கள். இடவப்பாதி மழையில் நனைந்த டெஸ்டரைத் தொடவே கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

எம்சிபியைப் போட்டுவிடும் பிரச்சினைக்கு, பழைய ஃபியூஸ் வீடு என்றால் கேரியரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளச் சொல்வோம். எம்சிபிக்கு மேல் மாட்டிப் பூட்டும் சிறு கிளிப் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் கைப்பிடியை அணைந்த நிலையில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, தமிழிலும் மலையாளத்திலும் "வேலை நடக்கிறது, போடாதே" என்று எழுதிய அட்டையைத் தொங்கவிடலாம். ஆனால் டேப் பூட்டு ஆகாது. முடிந்தால் ஒரு ஆளை டிபி முன்னால் உட்கார வைப்பது மேல். ஒற்றை எம்சிபி பேஸை மட்டுமே வெட்டுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மீட்டர் பக்கத்தில் பேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால், எம்சிபியை அணைத்தால் நியூட்ரல்தான் வெட்டுப்படும். உள்ளே எல்லாம் பேஸ் நிற்கும். அதனால் சிறு வேலைக்கும் இரண்டு வயரையும் வெட்டும் மெயினை அணைப்பதே நல்லது.

ஐடிஐ ஆசிரியர் சொன்னதில் மீட்டர் பற்றிய எச்சரிக்கையை ஏற்றுக்கொள்கிறேன். எனக்கு மல்டிமீட்டரின் பல நிலைத் திருகியை விட, திருப்பும் வேலையே இல்லாத இரண்டு முனை டெஸ்டர்தான் பிடிக்கும். அது கிடைத்தால் மாணவர்களுக்கு மல்டிமீட்டரைக் காட்டினால் போதும், கொடுக்க வேண்டியதில்லை.

---

மாலைவகுப்பு_பயிற்றுநர்:

உங்கள் எல்லோருடைய குறிப்புகளையும் வைத்துப் பாடத்தைத் திருத்தியிருக்கிறேன். வரிசையைச் சொல்கிறேன், எங்கே தவறு என்று பாருங்கள்.

முதல் அரை மணி, நாற்காலியும் வெயிலும். மாணவர்கள் டெஸ்டரை மட்டும் வைத்துப் பார்ப்பார்கள். எரிந்தால் அங்கே ஏதோ இருக்கிறது, எரியாவிட்டால் முடிவெடுக்க முடியாது என்பதை அவர்களே சொல்லும் வரை அந்தப் பகுதி முடியாது. அடுத்து நான் நியூட்ரல் அறுந்த குறையைச் செய்து காட்டி, இரண்டு முனை டெஸ்டரால் மூன்று இணையையும் அளந்து எண்களை எழுதுவேன். அதற்குப் பிறகு கருவியைச் சோதிக்கும் பழக்கம். பக்கத்து உயிருள்ள பாயின்ட்டில் கருவியை வைத்து அது வேலை செய்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு வேலை இடத்தில் மூன்று இணையும் பார்க்க வேண்டும். திரும்பப் போய் உயிருள்ள பாயின்ட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். வேலை இடத்தில் "இல்லை" என்று காட்டியது, கருவி நடுவில் செத்துப் போனதால் அல்ல என்பது இந்த மூன்றாவது படியால்தான் உறுதியாகும். பெரியவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைத்தான் விட்டுவிடுகிறார்கள்; அவசரம் என்பார்கள்.

மீதி நேரம் மேற்பார்வைப் பயிற்சி. இருவர் வருவார்கள். ஒருவர் சோதிப்பார், மற்றவர் சோதனைப் படிகள் எழுதிய அட்டையைப் பார்த்துப் படியைச் சொல்வார். என் கை பலகையின் மெயினில் இருக்கும். பின்னால் எந்தக் குறை இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. குறையே இல்லாத பலகையும் நடுநடுவே வரும். மூன்றாவது படியை முடிக்காமல் கை முனையை நோக்கிப் போனால் நான் அணைத்துவிடுவேன். அவர்கள் மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும்.

இணைப்பு வேலை அனைத்தும் 24 வோல்ட்டில், இரண்டாவது வகுப்பில்தான். ஐடிஐ ஆசிரியரின் கருத்துக்கு மதிப்புக் கொடுத்து, 230-இல் மாணவர் செய்வது சோதிப்பது மட்டுமே, திருகாணியைத் தொடுவது இல்லை என்று வைத்திருக்கிறேன். மாணவி சொன்ன பழக்கக் கேடு வராமல் இருக்க, 24 வோல்ட் பலகையில் டெஸ்டரைக் கொண்டுவரவே அனுமதிக்க மாட்டேன்.

---

வாளையாறு_வயர்மேன்:

வரிசை நன்றாக இருக்கிறது. மூன்றாவது குறையில் மட்டும் ஒன்று. இன்வெர்ட்டருக்குப் பதிலாக அதே லைனிலிருந்து வயர் இழுத்திருக்கிறேன் என்று முதலில் எழுதியிருந்தீர்கள். அதை மாற்றி, மெய்யான சிறு இன்வெர்ட்டரையே வையுங்கள். லைனிலிருந்து வரும் கரண்டுக்கு எர்த்தோடு தொடர்பு உண்டு, ஆகவே டெஸ்டரும் மீட்டரும் வழக்கம் போல் காட்டும். இரண்டு வயரையும் வெட்டும் மெயினை அணைத்த பிறகு பாட்டரியிலிருந்து வரும் கரண்ட் அப்படிப்பட்டது அல்ல. பல வீடுகளில் அப்போது இன்வெர்ட்டரின் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் மிதக்கும். டெஸ்டர் இரண்டு முனையிலும் மங்கலாக எரியும், அல்லது எரியாது. எர்த்தோடு அளந்தால் குழப்பமான எண் வரும். ஆனால் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் டெஸ்ட் லேம்ப்பை வைத்தால் பளிச்சென்று எரியும். நியூட்ரல் அறுந்தபோது எந்த இணை பொய் சொன்னதோ, இங்கே அந்த இணைதான் உண்மை சொல்கிறது. மூன்று இணையையும் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கும் மாணவருக்கு இந்த இரண்டு பலகையையும் அடுத்தடுத்து வைத்தால் போதும்.

அதோடு, வீட்டு மெயினில் இருக்கும் ஆர்சிசிபி, பாட்டரியில் ஓடும் அந்தப் பகுதியைக் காப்பாற்றாது. ஆகவே இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் முதலில் இன்வெர்ட்டரின் சொந்த சுவிட்சை அணைத்து, பிறகுதான் மெயினை அணைக்க வேண்டும் என்று அட்டையில் எழுதுங்கள்.

---

ஐடிஐ_ஆசிரியர்:

இன்வெர்ட்டர் பலகையை மாணவர் கையில் கொடுப்பதை நான் இன்னமும் ஏற்கவில்லை. ஆர்சிசிபி காப்பாற்றாத ஒரே பலகை அது என்று நீங்களே சொல்கிறீர்கள். அதை ஆசிரியர் செய்து காட்டினால் போதாதா? மற்ற இரண்டையும் மாணவர்கள் செய்யட்டும்.

---

மாலைவகுப்பு_பயிற்றுநர்:

எங்கள் பகுதியில் இன்வெர்ட்டர் இல்லாத வீடு குறைவு, சார். அவர்கள் வீட்டில் தனியாகச் சந்திக்கப்போகும் குறை இதுதான். என் கண்ணெதிரில் ஒரு முறையாவது அவர்கள் கையால் சோதித்துப் பார்க்காவிட்டால், செய்து காட்டியதை மறந்துவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன். முனைகள் மூடியிருக்கும், துளை மட்டும்தான். இன்வெர்ட்டருக்குப் பின்னால் தனியாக ஓர் ஆர்சிசிபி போட்டு, அங்கே நியூட்ரலை எர்த்தோடு சேர்த்துவிட்டால் என்ன என்றும் யோசித்தேன்.

---

வாளையாறு_வயர்மேன்:

சேர்த்தால் மிதக்கும் நியூட்ரல் மிதக்காது. நீங்கள் காட்ட வந்ததே போய்விடும். பாதுகாப்பு வேண்டுமானால் அந்தக் காட்சியை இழக்க வேண்டும், காட்சி வேண்டுமானால் ஆசிரியர் கையில் மட்டுமே இருக்க வேண்டும். இதில் நான் ஐடிஐ ஆசிரியர் பக்கம்தான் சாய்கிறேன், முழு மனதோடு இல்லாவிட்டாலும்.

---

மின்னியல்_டிப்ளமோ:

ஆர்சிசிபி பற்றி ஐயா சொன்னதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஒரு யோசனை: இன்வெர்ட்டர் பலகையை மட்டும் நீளமான இரண்டு முனை டெஸ்டரால், மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சோதிக்கச் சொல்லலாமே? இரண்டு கையும் பலகைக்கு அருகில் போகாது.

---

தையல்கடை_மாணவி:

இரண்டு முனை டெஸ்டரை ஒரே கையால் பிடிக்க எங்களால் முடியாது, அண்ணா. ஒரு முனையைக் கிளிப் வைத்து நியூட்ரல் துளையில் மாட்டிவிட்டுக் கரண்ட் கொடுத்தால், மறு முனையை ஒரு கையால் வைக்கலாம். அப்படிக் கிளிப் போட்ட டெஸ்டர் பாலக்காட்டுக் கடைகளில் கிடைக்குமா என்று யாராவது விசாரித்துச் சொல்லுங்கள். அடுத்த அணிக்கு நானும் உதவிக்கு வருகிறேன்.

---

வேலந்தாவளம்_தோப்பு:

வயர்மேன் ஐயா, பெர்மிட் உள்ளவரை வரவழைத்து அளந்தாயிற்று. உள்வரும் பக்கத்திலேயே ஒரு பேஸ் இல்லை. போஸ்டில் ஃபியூஸ் போயிருக்கிறது, கேஎஸ்இபி பிரிவு அலுவலகத்தில் சொல்லியிருக்கிறோம். மோட்டார் இங்கேயே இருக்கிறது.